85 டிகிரி காட்டிய விடியற்காலை

பழவேற்காடு ஊரிலிருந்து பாலத்தைக் கடந்து லைட்ஹவுஸ் குப்பத்துக்குள் நுழைந்தால் நிலம் ஒடுங்கிவிடுகிறது. கிழக்கே வங்கக் கடல், மேற்கே ஏரி. சிலிகாவுக்கு அடுத்தபடியாக இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி இதுதான். கரையில் வலைகளும் படகுகளும். உள்ளே கொஞ்சம் தள்ளி ஓட்டு வீடுகள், நடுநடுவே மாடி வீடுகள். நான் தேடி வந்த வீட்டைக் கண்டுபிடிப்பது சுலபமாக இருந்தது. மொட்டை மாடியில் தெற்குப் பார்த்துச் சாய்ந்த கண்ணாடிக் குழல்கள் தெருமுனையிலிருந்தே தெரிந்தன.

"பேரெல்லாம் வேண்டாம், டீச்சர்னே எழுதுங்க. இங்க எல்லாரும் அப்படித்தான் கூப்பிடுறாங்க" என்றார் அந்த வீட்டுக்காரர். அரசுப் பள்ளியில் அறிவியல் பாடம் எடுத்து ஓய்வு பெற்றவர். கீழே வயதான அம்மா இருக்கிறார், மூட்டுவலி. விடியற்காலை ஆறு மணிக்கு வெந்நீரில் குளித்தால்தான் அவருக்கு நாள் நகரும். மாடியில் நடந்த எல்லாமே அந்த ஆறு மணி வெந்நீருக்காகத்தான்.

படியேறி மேலே போனோம். டீச்சரிடம் படித்த இளைஞர் ஒருவரும் கூட வந்தார். படகு இன்ஜின்களைப் பழுதுபார்ப்பவர். இந்த வேலையில் டீச்சருக்குக் கை கொடுத்தவர் அவர்தான்.

மாடியில் இருப்பது

வெயிலில் நீர் சூடாகும் பகுதி எளிமையானது. 47 மில்லிமீட்டர் விட்டமும் ஒன்றரை மீட்டர் நீளமும் கொண்ட 15 கண்ணாடிக் குழல்கள். ஒவ்வொன்றும் இரட்டைச் சுவர். சுவர்களுக்கு நடுவே வெற்றிடம். வெயிலில் குழலுக்குள் சூடாகும் நீர் எடை குறைந்து மேலே உள்ள 100 லிட்டர் தொட்டிக்கு ஏறும். தொட்டியின் குளிர்ந்த நீர் குழலுக்குள் இறங்கும். பம்பு கிடையாது. குப்பத்து நிலத்தடி நீர் உவர்ப்பு என்பதால் பஞ்சாயத்துக் குழாய்த் தண்ணீரை மட்டுமே இந்தத் தொட்டிக்கு விடுகிறார்.

வெயில் உள்ள நாளில் இதற்கு எந்தத் துணையும் தேவையில்லை. சாயங்காலம் 60 டிகிரியில் இருக்கும் தொட்டி மறுநாள் காலையில் 50க்குச் சற்று மேலே நிற்கும். சிக்கல் ஐப்பசி, கார்த்திகையில் தொடங்குகிறது. வடகிழக்குப் பருவமழையில் வெயிலே வராத நாள்களில் தொட்டி 30 டிகிரியை ஒட்டியே நிற்கும். அதற்காகத் தொட்டிக்குள் 2 கிலோவாட் மின் ஹீட்டர் ஒன்று இருக்கிறது. முன்பு அதை டீச்சரே எழுந்து போடுவார். போட்டதை மறந்து காலை முழுவதும் விட்டுவிட்ட நாள்களும் உண்டு.

"எனக்கு வேண்டியது ஒண்ணுதான். நாலரைக்குத் தொட்டி எவ்வளவு சூடுன்னு அதுவே பார்க்கணும். 45க்குக் கீழ இருந்தா ஹீட்டரைப் போடணும். 50 வந்ததும் அணைக்கணும். அன்னைக்கு வேலை முடிஞ்சுதுன்னு எழுதி வெச்சுட்டு மறுநாள் வரைக்கும் சும்மா இருக்கணும்."

தொட்டியின் பக்கவாட்டில் வெப்பமானி செருகுவதற்கென்றே ஒரு சிறு குழி உண்டு. அதற்குள் டிஎஸ்18பி20 என்ற எஃகு உறையிட்ட உணரியைச் செருகியிருக்கிறார். நீரைத் தொடாமலே நீரின் சூட்டை அது உணர்கிறது. உணரியின் ஒயர் ஒரு மீட்டர்தான் வரும். அங்கிருந்து வேறு கேபிளை இணைத்து மாடிச் சுவரோரமாகச் சமையலறைக்கு இறக்கியிருக்கிறார். அங்கே ஈஎஸ்பி8266 வகை சிறு கணினிப் பலகை ஒன்று ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை உணரியைக் கேட்டு, எண்ணையும் நேரத்தையும் குறித்துவைக்கும். மகன் விட்டுப்போன பழைய லேப்டாப்பில் ஆர்டுயினோ மென்பொருளைப் போட்டு நிரலை அவரே எழுதினார்.

மின்சாரம் சேரும் இடத்தை மட்டும் அவர் தொடவில்லை. 2 கிலோவாட் என்றால் 230 வோல்ட்டில் கிட்டத்தட்ட 9 ஆம்பியர். இந்தப் பலகைகளோடு கடையில் தரும் நீல நிறச் சிறு ரிலேயில் 10 ஆம்பியர் என்று அச்சிட்டிருப்பார்கள். தினமும் அரைமணி, ஒருமணி நேரம் அவ்வளவு மின்சாரம் ஓடினால் அதன் முனைகள் சூடாகி ஒட்டிக்கொள்ளும் ஆபத்து உண்டு. ஒட்டிக்கொண்டால் நிரல் அணைக்கச் சொன்னாலும் ஹீட்டர் அணையாது. அதனால் சிறு ரிலே ஒரு கான்டாக்டரை மட்டும் இயக்குகிறது. ஹீட்டரின் மின்சாரம் அந்தக் கான்டாக்டர் வழியாகப் போகிறது. உரிமம் பெற்ற எலெக்ட்ரீஷியன் வந்து மாட்டினார், மின்கசிவுத் தடுப்பானோடு. ஹீட்டரில் ஏற்கெனவே இருந்த தெர்மோஸ்டாட்டையும் கழற்றவில்லை. நிரல் என்ன சொன்னாலும் குறிப்பிட்ட சூட்டில் அது துண்டித்துவிடும்.

எண் பொய் சொன்ன நாள்

ஐப்பசியில் எல்லாம் ஒழுங்காக ஓடியது. கார்த்திகை கடைசியில் ஒரு நாள் காலை அம்மா குழாயைத் திறந்ததும் பச்சைத்தண்ணீர் வந்தது. டீச்சர் சமையலறைத் திரையைப் பார்த்தார். இன்றைய வேலை முடிந்தது என்றிருந்தது. குறிப்பைத் திறந்தார். அந்த வரிகளை இன்னும் அழிக்காமல் வைத்திருக்கிறார். லேப்டாப்பை என் பக்கம் திருப்பிக் காட்டினார்.

```
04:20  31.31
04:25  31.25
04:30  85.00
04:35  31.19
```

நாலரைக்கு 85 என்று வந்ததும் நிரல் அதை நம்பிவிட்டது. 50க்கு மேல் இருக்கிறதே, ஹீட்டர் வேண்டாம், வேலை முடிந்தது என்று குறித்துக்கொண்டது. அடுத்த அளவீடு 31 என்று சொன்னபோது அதைக் கேட்க நிரலில் யாரும் இல்லை.

அந்த எண் பொய் என்று எப்படி உறுதி செய்தீர்கள் என்று கேட்டேன். டீச்சர் நோட்டில் கணக்குப் போட்டே காட்டினார். ஒரு லிட்டர் நீரை ஒரு டிகிரி சூடேற்ற ஏறத்தாழ 4.19 கிலோஜூல் வேண்டும். 100 லிட்டரை 31.25லிருந்து 85க்குக் கொண்டுபோக 22,500 கிலோஜூல். மின்சாரக் கணக்கில் அது 6.25 யூனிட். இந்த 2 கிலோவாட் ஹீட்டருக்கு அது மூன்று மணி நேரத்துக்கு மேல் பிடிக்கும் வேலை. அதை ஐந்து நிமிடத்தில் செய்ய 75 கிலோவாட் வேண்டும். பிறகு அடுத்த ஐந்து நிமிடத்தில் அவ்வளவு சூடும் எங்கோ போயிருக்க வேண்டும். "தண்ணி அப்படிப் பண்ணாது. அப்போ பொய் சொல்றது தண்ணியில்ல, கம்பி."

இன்னொரு தடயமும் அந்த எண்ணிலேயே இருந்தது. 85.06 இல்லை, 84.94 இல்லை, சரியாக 85.00. இந்த உணரிக்குள் கடைசியாக அளந்த சூட்டை வைத்துக்கொள்ளும் ஒரு சிறு நினைவிடம் உண்டு. மின்சாரம் புதிதாக வந்தவுடன் அந்த இடத்தில் 85 என்ற எண்ணைத்தான் உணரி எழுதிவைக்கும். உற்பத்தியாளரின் கையேட்டிலேயே இது இருக்கிறது. அளக்கச் சொல்லி, அளந்து முடித்து, புது எண்ணை எழுதினால்தான் 85 மறையும். ஆகவே 85.00 வந்தால் அதற்கு ஒரு பொருள் இருக்கிறது: உணரி உயிரோடு இருக்கிறது, பேசுகிறது, ஆனால் இந்த முறை அளக்கவில்லை. உணரியோடு பேசவே முடியாமல் போனால் நிரல் நூலகம் வேறு எண்ணைத் தரும்: -127.

வேறு கருவியில் இது அவ்வளவு தொந்தரவு தராது. அறையின் வெப்பத்தை அளப்பவர் 85ஐப் பார்த்ததும் தூக்கிப் போட்டுவிடலாம். வெயில் வெந்நீர்த் தொட்டியில் அது முடியாது. சித்திரையில் வீட்டுக்காரர்கள் இரண்டு நாள் ஊருக்குப் போய்விட்டால் தொட்டி உண்மையாகவே 85ஐத் தொடும், தாண்டவும் செய்யும். இங்கே பொய்யும் மெய்யும் ஒரே எண்ணில் வருகின்றன.

படகு மெக்கானிக் அப்போதே ஒரு வழி சொன்னாராம். "80க்கு மேல வந்தா கணக்குல எடுக்காதேன்னு எழுதிடுங்க டீச்சர்னு சொன்னேன் சார். ஒத்துக்கவே இல்ல." டீச்சர் விளக்கினார்: "அப்படி எழுதினா எண்ணு மறையும், காரணம் அங்கயேதான் இருக்கும். இன்னைக்கு 85. நாளைக்கு -127 வந்தா? 45க்குக் கீழன்னு நினைச்சு ஹீட்டரைப் போட்டுட்டு நிறுத்தவே நிறுத்தாதே."

ஒரு நாளைக்கு ஒரு சோதனை

இங்கேதான் பொறுமை தேவைப்பட்டது. அந்த 85 நினைத்தபோது வருவதில்லை. பெரும்பாலும் விடியற்காலை நாலு மணிக்கும் ஏழு மணிக்கும் இடையில் வரும். சில நாள் வராது. ஒன்றை மாற்றிவிட்டு அது சரியா என்று பார்க்க அடுத்த விடியல் வரை காத்திருக்க வேண்டும்.

மெக்கானிக் இதைத் தன் தொழிலோடு சேர்த்துச் சொன்னார். பழவேற்காட்டு ஏரியில் பாடு முறை என்று ஒன்று உண்டு. மீன்பிடி இடங்களைச் சங்கத்துக்காரர்கள் முறைவைத்துப் பிரித்துக்கொள்வார்கள். யாருக்கு எந்த நாள் என்பது முன்பே தீர்மானமாகியிருக்கும். "நம்ம நாள் வர்ற வரைக்கும் வலையைத் தூக்கிட்டுப் போக முடியாது சார். அந்த நாள்ல வலை கிழிஞ்சிருந்தா அடுத்த பாடு வர்ற வரைக்கும் போச்சு. அதனால முன்னாடியே ஒவ்வொண்ணா பார்த்து வெச்சுக்கணும்." டீச்சரும் அப்படித்தான் செய்தார். ஒரு விடியலுக்கு ஒரே ஒரு மாற்றம். இரண்டை ஒன்றாக மாற்றினால் எது வேலை செய்தது என்று தெரியாமல் போகும்.

நீளக் கோடு போட்ட நோட்டு ஒன்றை எடுத்துக் காட்டினார். நாள், என்ன மாற்றினேன், 85 வந்த நேரம், வானிலை என்று நாலு கட்டங்கள். வானிலைக் கட்டத்தை எதற்கென்று தெரியாமலே முதல் நாளிலிருந்து நிரப்பியிருக்கிறார். கடைசியில் வழி காட்டியது அந்தக் கட்டம்தான்.

முதல் சந்தேகம் நிரல்மீது. இந்த உணரி நுட்பமான அளவில் ஒருமுறை அளக்க 750 மில்லிநொடி, அதாவது முக்கால் நொடி எடுக்கும். அதற்குள் அவசரப்பட்டுப் படித்தால் பழைய எண்ணே கிடைக்கும். காத்திருக்கும் நேரத்தை இரண்டு நொடியாக்கினார். மறுநாளும் 85 வந்தது. யோசித்துப் பார்த்தால் நிரலில் தவறு இருந்திருந்தால் அது நடுப்பகலிலும் வந்திருக்க வேண்டும். நிரலுக்கு விடியல் தெரியாது.

இரண்டாவது சந்தேகம் கான்டாக்டர்மீது. பெரிய சுருள் ஒன்று இழுக்கும்போதும் விடும்போதும் பக்கத்து மின்னணுப் பலகை தடுமாறுவது உண்டு. ஹீட்டரின் மெயின் சுவிட்சையும் கான்டாக்டரின் இணைப்பையும் இரவே அணைத்துவிட்டுப் படுத்தார். அம்மாவுக்கு அடுப்பில் வெந்நீர் வைத்தார். அன்றும் 85 வந்தது. கான்டாக்டர் குற்றவாளி இல்லை.

மூன்றாவது, உணரி. சந்தையில் போலி டிஎஸ்18பி20கள் நிறைய உண்டு. இதைச் சோதிக்க ஊரிலேயே நல்ல வசதி இருந்தது: மீனுக்கு வரும் ஐஸ். மெக்கானிக் ஐஸ் கட்டி ஒன்று கொண்டுவந்தார். மேல்பக்கம் மீன்பெட்டியின் உப்பு ஒட்டியிருந்தால் உருகும் புள்ளியே இறங்கிவிடும் என்பதால் நல்ல தண்ணீரில் கழுவி, நொறுக்கி, நீரோடு கலந்து எவர்சில்வர் டம்ளரில் உணரியை வைத்தார்கள். உருகும் ஐஸ் 0 டிகிரி. இந்த உணரிக்கு அரை டிகிரி வரை பிசகு அனுமதி உண்டு. அது 0.25 காட்டியது. உணரி நல்லது. ஆனாலும் புதிய உணரி ஒன்றை அதே இணைப்பில் மாட்டி ஒரு விடியல் பார்த்தார். 85 வந்தது.

இதற்குப் பிறகுதான் நோட்டின் கடைசிக் கட்டம் பேசியது. பனி கொட்டிய விடியல்களில் 85 பல தடவை. மேகம் மூடி, தரை காய்ந்திருந்த விடியல்களில் ஒன்றும் இல்லை. ஒரே ஒருமுறை மத்தியானம் மூன்று மணிக்கு வந்திருக்கிறது. அந்தக் கட்டத்தில் எழுதியிருந்தது: தூறல்.

பச்சை பூத்த முனை

மாடியில் உணரியின் ஒயரும் கேபிளும் சேரும் இடத்தைக் காட்டினார்கள். இப்போது அங்கே புதிய பெட்டி. முன்பு இருந்தது மேலே வாய் திறந்த பிளாஸ்டிக் டப்பா. உள்ளே திருகு முனைகள். சுற்றிலும் இன்சுலேஷன் டேப். அந்தப் பழைய இணைப்பை டீச்சர் தூக்கிப்போடவில்லை. டிபன் டப்பாவிலிருந்து எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். சிவப்பு ஒயரின் செம்புமுனை பச்சை பூத்திருந்தது. திருகுகளைச் சுற்றி வெள்ளைப் பொடி.

"மத்தியானம் மீட்டர் வெச்சுப் பார்த்தேன். 3.3 வோல்ட் அப்படியே வந்தது. சரியாத்தானே இருக்குன்னு மூடிட்டேன்" என்றார். மீட்டர் பொய் சொல்லவில்லை. இரண்டு காரணங்களால் அது பிழையைப் பார்க்கவில்லை. ஒன்று, உணரி சும்மா இருக்கும்போது இழுக்கும் மின்சாரம் ஒன்றுமில்லை என்கிற அளவு. அளக்கும் அந்த முக்கால் நொடியில் மட்டும் அது ஏறத்தாழ ஒரு மில்லி ஆம்பியர் இழுக்கும். மின்சாரம் ஓடாத ஒயரில் பச்சை பூத்த முனை எந்த வோல்ட்டையும் தின்னாது. இரண்டு, கடல் உப்பு நடுப்பகலில் காய்ந்த பொடி. காய்ந்த பொடி மின்சாரத்தைக் கடத்தாது. காற்றின் ஈரப்பதம் ஏறத்தாழ 75 சதவீதத்தைத் தாண்டினால் உப்பு தானே ஈரத்தை இழுத்துக் கரைந்துவிடும். இந்தக் கரையில் விடியற்காலை ஈரப்பதம் அதைத் தாண்டுவது வழக்கம். அப்போது திருகுக்கும் திருகுக்கும் நடுவே உப்புநீர்ப் பாலம் உண்டாகி மின்சாரம் கசிகிறது. உணரி இழுப்பதோடு கசிவும் சேர்ந்து அந்தப் பச்சை முனை வழியாக ஓடும்போது வோல்ட் விழுகிறது. உணரிக்குக் குறைந்தது 3.0 வோல்ட் வேண்டும். அதற்குக் கீழே போனால் அளந்துகொண்டிருக்கும்போதே மயங்கி, மறுபடி விழித்து, 85 என்கிறது.

இது ஊகமாக நின்றுவிடாமல் இருக்க டீச்சர் செய்த காரியம்தான் எனக்கு மிகவும் பிடித்தது. விடியலுக்குக் காத்திருப்பதை நிறுத்திவிட்டு, விடியலை மத்தியானத்துக்கு வரவழைத்தார். அதை எனக்கும் செய்துகாட்டினார்.

பழைய இணைப்பை உணரிக்கும் கேபிளுக்கும் நடுவே மாட்டினார். நிரலை மாற்றி, உணரியை இடைவெளி இல்லாமல் தொடர்ந்து அளக்கவைத்தார். அப்போதுதான் மின்சாரம் விடாமல் இழுக்கப்பட்டு மீட்டர் முள் ஓரிடத்தில் நிற்கும். மெக்கானிக் உணரிப் பக்கத்து முனையில் மீட்டரை வைத்தார். 3.2 வோல்ட். திரையில் 58.44, 58.44, 58.38 என்று எண்கள் வரிசையாக வந்தன. இஸ்திரி போடும்போது துணிக்குத் தண்ணீர் தெளிக்கும் பாட்டிலில் கடல்நீர் இருந்தது. டீச்சர் இணைப்பின்மேல் இரண்டு முறை தெளித்தார். மீட்டர் 2.9, 2.7 என்று இறங்கி 2.6இல் நின்றது. திரையில் 85.00. மறுபடி 58.38. மறுபடி 85.00, 85.00.

பிறகு நல்ல தண்ணீரில் கழுவி, துணியால் ஒற்றி, வெயிலில் வைத்தார்கள். அது காயும்வரை ஏரியைப் பார்த்துக்கொண்டிருந்தோம். காய்ந்ததும் 3.2 திரும்பியது, 85 போனது.

டேவிட் ஏகன்ஸ் என்ற அமெரிக்கப் பொறியாளர் 2002இல் பிழை தேடுவதைப் பற்றி மட்டுமே ஒரு புத்தகம் எழுதினார். பிழையை நாமே வரவழைக்கத் தெரிய வேண்டும் என்பது அவர் தரும் விதிகளில் ஒன்று. நாம் சரிசெய்யாமல் தானாகப் போன பிழை போகவில்லை என்பது இன்னொன்று. டீச்சர் அந்தப் புத்தகத்தைப் படித்தவர் இல்லை. வகுப்பில் சோதனை செய்துகாட்டிய பழக்கம் அவரை அதே இடத்துக்குக் கொண்டுவந்திருக்கிறது.

இரண்டு பக்கமும் சரிசெய்தது

மருந்து படகிலிருந்து வந்தது. "கடல்ல போற வண்டிக்கு டேப்பு சுத்தினா ஒரு மாசம் தாங்காது சார்" என்றார் மெக்கானிக். "டேப்புக்குள்ள ஈரம் போயிடும், வெளிய வராது." பச்சை பிடித்த நுனியை வெட்டி எறிந்து, நல்ல செம்பு தெரியும்வரை உரித்து, ஈயம் வைத்துப் பற்றவைத்தார். ஒவ்வொரு ஒயர்மீதும், உள்ளே பசை தடவிய சுருங்கு குழாயைப் போட்டு சூடுகாட்டினார். சூட்டில் குழாய் சுருங்கும்போது பசை உருகி இடைவெளியை அடைத்துக்கொள்ளும். எல்லாவற்றையும் மூடிய பெட்டிக்குள் வைத்து, ஒயர் நுழையும் வாயைக் கீழ்நோக்கித் திருப்பினார். பெட்டிக்குள் போகுமுன் கேபிள் ஒரு வளைவாகத் தொங்குகிறது. அதன்மேல் ஓடிவரும் பனிநீர் அந்த வளைவின் அடியில் சொட்டிவிடும், பெட்டிக்குள் போகாது. புதிய இணைப்பின்மீதும் கடல்நீரைத் தெளித்துக் காட்டினார்கள். மீட்டர் அசையவில்லை.

நிரலிலும் ஒரு காவல் வைத்தார்.

```
float t = sensors.getTempCByIndex(0);
bool jump = fabs(t - last) > 5.0;
if (t == DEVICE_DISCONNECTED_C || (t == 85.0 && jump)) {
  bad++;
} else {
  last = t;
  bad = 0;
}
if (bad >= 3) heaterOff();
```

`last` என்பது கடைசியாக வந்த நல்ல அளவீடு. ஹீட்டரைப் போடுவதா வேண்டாமா என்ற முடிவுகள் எல்லாம் அதை வைத்துத்தான். சரியாக 85 வந்து, அது முந்தைய நல்ல எண்ணிலிருந்து 5 டிகிரிக்கு மேல் தாவியிருந்தால் கணக்கில் சேராது. -127ம் சேராது. சித்திரையில் 84.81, 84.94 என்று படிப்படியாக ஏறிவரும் உண்மையான 85 தடையில்லாமல் போகும். மோசமான எண் வந்தால் ஐந்து நிமிடம் காத்திருக்காமல் பத்து நொடியில் மறுபடி கேட்கும். மூன்று முறை தொடர்ந்து மோசமென்றால் ஹீட்டரை அணைத்துவிட்டு, உணரியைப் பார்க்கச் சொல்லித் திரையில் காட்டும். அன்றைய வேலை முடிந்தது என்று எழுதவும் இப்போது ஓர் எண் போதாது. 50க்கு மேல் மூன்று நல்ல அளவீடுகள் வரிசையாக வர வேண்டும்.

மின்வெட்டு முடிந்து பலகை விழிக்கும்போது `last` எங்கிருந்து தொடங்கும் என்று கேட்டேன். 60 என்று வைத்திருக்கிறாராம். முதல் நல்ல அளவீடு வரும்வரை நிரல் தொட்டி சூடாக இருப்பதாக நினைத்து ஹீட்டரைத் தொடாது. "தெரியாதப்போ எந்தப் பக்கம் தப்பா நினைச்சா ஆபத்து இல்லையோ, அந்தப் பக்கம் நினைக்கணும். தண்ணி ஜில்லுனு இருந்தா அடுப்பு இருக்கு."

கேபிளைச் சரிசெய்த பிறகும் காவல் எதற்கு, காவல் இருக்கும்போது கேபிளைச் சரிசெய்வது எதற்கு என்ற கேள்விக்கு அவர் பதில் தெளிவாக இருந்தது. காவல் மட்டும் இருந்தால் முனை பச்சை பூத்துக்கொண்டே போய் ஒருநாள் உணரி பேசுவதையே நிறுத்தும். இணைப்பு மட்டும் நன்றாக இருந்தால், இந்த உப்புக்காற்று அதையும் ஒருநாள் அரிக்கும். அன்று நிரல் மறுபடி பொய்யை நம்பும். `bad` எத்தனை முறை ஏறியது என்பதையும் இப்போது தினமும் குறித்துவைக்கிறார். அது பூஜ்யத்திலிருந்து நகரத் தொடங்கினால் பெட்டியைத் திறந்து பார்க்கும் நேரம் வந்துவிட்டது என்று அர்த்தம்.

மார்கழிப் பனி கொட்டிய விடியல்களின் குறிப்புகளைக் காட்டினார். 85 இல்லை. 4:30க்கு 31 டிகிரியில் தொடங்கிய ஹீட்டர் ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல் ஓடி, ஆறு மணிக்குமுன் அணைந்திருக்கிறது. 2 கிலோவாட் ஹீட்டர் 100 லிட்டரை 19 டிகிரி ஏற்ற அவ்வளவு நேரம்தான் பிடிக்க வேண்டும். கணக்கும் குறிப்பும் ஒத்துப்போகின்றன.

கடலோரத்தில் மாடியில் உணரி வைத்திருப்பவர்களுக்கு அந்த மாடியில் நான் கண்டதிலிருந்து சொல்ல வேண்டியது இது. நம்ப முடியாத எண் வந்தால் அதை வடிகட்டுமுன் எந்த நேரத்தில், எந்த வானிலையில் வருகிறது என்று எழுதிவையுங்கள். ஒருமுறைக்கு ஒன்றை மட்டும் மாற்றுங்கள். இணைப்பைக் காய்ந்த மத்தியானத்தில் அளந்துவிட்டு நல்லது என்று முடிவு கட்டாதீர்கள். ஈரமாக்கி, உணரி அளந்துகொண்டிருக்கும்போதே அளந்து பாருங்கள். ஹீட்டரின் தெர்மோஸ்டாட்டை எந்தக் காரணத்துக்காகவும் கழற்றாதீர்கள். நிரலை நீங்கள் எழுதலாம். 230 வோல்ட் வேலையை எலெக்ட்ரீஷியனிடம் விடுங்கள்.